ஒரே பக்கத்தில் அடங்கிய பட்டியல்

எண்ணூர் நெடுஞ்சாலையில் காலி கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றில் ஆறு வருடம் கணக்கு மேலாளராக இருந்தேன். அதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எம்.காம். படித்தவன். கணக்கில் தவறு செய்யாதவன் என்று பெயர் வாங்கியவன். அந்த யார்டில் நான் ஒரு பெண்ணைத் திருடியாக்கினேன். அவள் திருடவில்லை. முதலில் எனக்கு அது தெரியாது. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

அவள் கேட் பக்கத்துக் கவுண்டரில் பணம் வாங்குபவள். வயது நாற்பது இருக்கும். வீடு ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வாரியக் குடியிருப்பில். கணவர் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்து, இடுப்பில் அடிபட்டு வீட்டில் கிடந்தார். ஒரே மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் யார்டில் எல்லாருக்கும் தெரியும். அவளே சொல்லுவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகளின் பரீட்சை மார்க்கைச் சொல்லிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

எங்களிடம் கன்டெய்னர் கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் ஒன்றிரண்டு டிரெய்லர் வைத்திருக்கும் சின்ன முதலாளிகள். இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் கழுவுவதற்கும் கடனில் பில் போடுவோம். அடுத்த முறை வண்டி வரும்போது டிரைவர் கையில் பணம் கொடுத்தனுப்புவார்கள். டிரைவருக்குத் தெரிந்தது பில் எண் ஒன்றுதான். "ஆயிரத்து நூத்தி எம்பத்தேழுக்கு" என்று சொல்லிப் பணத்தை நீட்டுவார். எங்கள் பில்லில் எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு நிதியாண்டும் அச்சாகியிருக்கும். அதை யாரும் வாயால் சொன்னது கிடையாது. ஏப்ரல் பிறந்தால் பில் எண் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். இப்போது ஓடும் வருடத்து எண்ணைத்தான் சொல்கிறார்கள் என்பது கேட்டில் இருப்பவர்களுக்கு இயல்பாகவே தெரியும். அவளும் எண்ணை மட்டும் ரசீதில் எழுதுவாள். சாயங்காலம் கம்ப்யூட்டரில் ரசீது எண், தேதி, பில் எண், பார்ட்டி பெயர், தொகை என்று ஐந்து காலங்களில் ஏற்றி எனக்கு அனுப்புவாள். பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவள் கொடுத்த பணமும் ரசீதுக் கூட்டலும் வேறுபட்டதில்லை.

அந்த ரசீதுகளை ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே வைத்துக் கழிப்பது என் வேலை. அது மூன்று மாதம் பின்தங்கிவிட்டது. எந்த பில் பாக்கி, எது தீர்ந்தது என்று முதலாளி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முதலாளிக்கு முப்பத்தைந்து வயது. அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கியவர். குரலை உயர்த்தாமல் கேட்பார், அதுதான் உறுத்தும். "சார், இதை எக்செல்ல போட்டா பத்து நிமிஷத்துல வந்துடும்னு என் ஃபிரண்ட் சொல்றான்" என்றார் ஒரு நாள். எனக்கு வயது அப்போது அறுபத்து மூன்று. எக்செல் தெரியும். கூட்டல், கழித்தல், வடிகட்டல் வரை தெரியும். தேடி எடுக்கும் ஃபார்முலாவை நான் அதுவரை தொட்டதில்லை. ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

வேலை எளிதுதான். ஒரு தாளில் பாக்கி பில்களின் பட்டியல். எங்கள் கணக்கு மென்பொருளிலிருந்து இறக்கியது, தேதி வரிசையில் இருந்தது. இன்னொரு தாளில் அவளுடைய ரசீதுப் பட்டியல். ரசீதுத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே VLOOKUP போட வேண்டும். இந்த பில் எண்ணை அந்தப் பட்டியலின் முதல் காலத்தில் தேடு, கிடைத்த வரியில் நான்காவது காலத்தில் இருக்கும் பாக்கித் தொகையைக் கொண்டு வா என்று அதற்குப் பொருள். கடைசியில் FALSE என்று போட வேண்டும். போடாவிட்டால் சரியாகப் பொருந்தாத எண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். அதை வீடியோவில் மூன்று முறை எச்சரித்தார்கள், நானும் மறக்காமல் போட்டேன். அடுத்த காலத்தில் பாக்கியிலிருந்து வாங்கிய தொகையைக் கழித்தேன். வித்தியாசம் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் கட்டம் சிவப்பாக வேண்டும் என்றும் வைத்தேன்.

நவம்பரில் முதல் முறை ஓட்டியபோது ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. மேலிருந்து கீழ்வரை #N/A, அதாவது கிடைக்கவில்லை. காரணம் உடனே புரிந்தது. மென்பொருளிலிருந்து வந்த எண்ணில் சாய்கோடும் ஆண்டும் ஒட்டியிருந்தன. அவள் ஏற்றியதில் வெறும் எண். ஒன்று எழுத்து, இன்னொன்று எண். இரண்டும் எக்செலுக்கு ஒன்றல்ல. நான் பாக்கிப் பட்டியலில் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதை மட்டும் வெட்டியெடுத்து, அதை எண்ணாக மாற்றினேன். LEFT, FIND, VALUE என்று மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துச் செய்தேன். பிறகு ஓட்டினால் அறுநூறு வரிகளும் நிரம்பி வந்தன. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய நாள் போல இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சிரித்தாள்.

அந்த வெட்டில்தான் எல்லாம் போயிற்று. பாக்கிப் பட்டியலில் போன வருடத்து பில்கள் நாற்பது சொச்சம் இருந்தன. கடையை மூடிவிட்டுப் போனவர்கள், தகராறு செய்து பணம் தராதவர்கள். தேதி வரிசை என்பதால் அவை மேலே இருந்தன. ஆண்டை வெட்டிய பிறகு போன வருடத்து 1187ம் இந்த வருடத்து 1187ம் ஒரே எண்ணாகிவிட்டன. VLOOKUP மேலிருந்து தேடி, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கீழே இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்காது. இந்த வருடத்து 1187க்கு டிரைவர் கொடுத்தது 4,720 ரூபாய். பில்லும் அதே தொகைதான். ஆனால் ஃபார்முலா கொண்டுவந்து வைத்தது போன வருடத்து 1187ஐ. அது 9,440. வித்தியாசம் 4,720. கட்டம் சிவப்பு.

அப்படிப் பத்தொன்பது சிவப்புக் கட்டங்கள் வந்தன. கூட்டினால் 86,140 ரூபாய்.

பதினொரு வரிகளில் வித்தியாசம் எதிர்ப்பக்கமாக இருந்தது. பாக்கியைவிட அதிகப் பணம் வாங்கியதாகக் காட்டியது. அதைப் பார்த்தபோதே நான் நின்றிருக்க வேண்டும். திருடுகிறவள் பதினொரு இடத்தில் ஏன் கூடக் கொடுக்கப் போகிறாள்? நான் அவற்றை முன்பணம் என்று ஒதுக்கினேன். சிவப்பை மட்டும் வடிகட்டினேன். அச்செடுக்கப் பார்த்தபோது பட்டியல் அகலத்தில் இரண்டு பக்கமாக ஓடியது. முதலாளிக்கு இரண்டு பக்கமாகக் கொடுத்தால் பிடிக்காது. அதனால் பார்ட்டி பெயர் இருந்த காலத்தை மறைத்தேன். பட்டியல் ஒரே பக்கத்தில் அழகாக அடங்கியது.

முதலாளி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பில் காப்பிய எடுத்துப் பாத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"பார்த்துட்டேன்" என்றேன்.

நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அதை ஏன் சொன்னேன் என்று நூறு முறை யோசித்திருக்கிறேன். பார்க்கவில்லை என்றால் அந்தத் தாள் அரைகுறை வேலையாகிவிடும். மூன்று மாதம் பின்தங்கியவன் என்ற பெயர் மாறியிருந்த நேரம் அது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஃபார்முலா தவறு செய்யாது என்றும் நினைத்தேன். ஃபார்முலா தவறு செய்யவில்லைதான். நான் கேட்டதைத்தான் அது கொடுத்தது.

அவளைக் கூப்பிட்டார்கள். முதலாளியின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். தாளை அவள் முன்னால் வைத்து நான் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினேன். பில் இவ்வளவு, நீ ரசீது போட்டது இவ்வளவு, நடுவில் போனது இவ்வளவு. அவள் முதலில் சிரித்தாள், ஏதோ தவறு என்று. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"டிரைவர் குட்த்தது தான் சார் எழுதினேன். நான் ஏன் சார் கொறச்சி எழுதப் போறேன்? அந்த பில்லு காப்பிய எடுங்க சார். எடுத்து என் எதிர்க்க வைங்க."

"சார் எல்லாம் பாத்துட்டாரும்மா" என்றார் முதலாளி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. அந்தந்த டிரெய்லர்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். பத்தொன்பது பேரில் ஒருத்தர் ரசீதைவிடக் கூடக் கொடுத்ததாகச் சொன்னாலும் ஜெயிலுக்குப் போகிறேன் என்றாள். முதலாளி சம்மதிக்கவில்லை. எங்கள் கவுண்டரில் திருட்டு என்று லாரிக்காரர்களிடம் நாமே சொன்னால், நாளைக்கு அத்தனை பேரும் கட்டாத பணத்தைக் கட்டியதாகச் சொல்லுவார்கள் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. உண்மை வெளிவர இருந்த ஒரே வழியும் அப்படி அடைபட்டது. எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன்.

போலீசுக்குப் போகலாமா, பணத்தைக் கட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாளா என்று முதலாளி கேட்டார். கணவர் படுக்கையில். மகள் கல்லூரியில். அவள் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் செயினை அடகு வைத்த பணமும், மகளுடைய அடுத்த தவணைக் கட்டணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததும், யாரிடமோ வட்டிக்கு வாங்கியதுமாகக் கொண்டு வந்தாள். நான் எண்ணி வாங்கினேன். 86,140.

கடிதத்தை நான்தான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒரு சொல்லில் நின்றாள்.

"கையாடல்னா இன்னா சார்?"

அவளுக்கு உண்மையிலேயே அந்தச் சொல் தெரியாது. திருட்டு என்றால் தெரியும். அதை எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டாள். "கணக்குல பணம் குறைஞ்சதுன்னு அர்த்தம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள். பணம் குறைந்ததாக மட்டும்தான் ஒப்புக்கொண்டோம் என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டாள். போகும்போது கேட்டில் செக்யூரிட்டி அவள் பையைத் திறந்து பார்த்தான். எல்லாருக்கும் பார்ப்பதுதான். அன்றைக்கு அடிவரை துழாவினான். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொன்னான். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

எனக்கு ஊதியம் கூடியது. முதலாளியின் தம்பி மணலியில் நடத்தும் யார்டுக்கும் போய் அதே எக்செல் தாளைப் போட்டுக் கொடுத்து வந்தேன்.

பத்தொன்பது ரசீதுகளையும் அவள் கட்டிய பணத்தையும், எதில் சேர்ப்பது என்று முடிவாகாதவற்றை வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளி வைத்திருந்தேன். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டும். இனி வராது என்று தெரிந்த போன வருடத்து பில்களை முதலாளி தள்ளுபடி செய்யச் சொன்னார். செய்தேன். புதிய பாக்கிப் பட்டியலை இறக்கி, பழையதன் மேல் ஒட்டினேன். ரசீதுத் தாளைத் திறந்தேன்.

சிவப்பு ஒன்றுகூட இல்லை.

பத்தொன்பது கட்டங்களும் பூஜ்யமாக இருந்தன. கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். கோப்பை மூடித் திறந்தேன். பூஜ்யம். பழைய வருடத்து வரிகள் போய்விட்டதால் ஃபார்முலா இப்போது கீழே இருந்த உண்மையான பில்லைக் கண்டுபிடித்திருந்தது. மறைத்து வைத்திருந்த பார்ட்டி காலத்தை அப்போதுதான் திரும்ப விரித்தேன். ரசீதில் ஒரு பெயர் இருந்தது. நவம்பரில் எடுத்து வைத்திருந்த பாக்கிப் பட்டியலில் அதே எண்ணுக்கு எதிரே மேலே வேறொரு பெயர் இருந்தது. பத்தொன்பதிலும் அப்படியே. பெயரைப் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். பிறகு பில் காப்பிகளை எடுத்தேன். அவள் கேட்டபோது எடுக்காத காப்பிகள். அவள் எழுதியதும் பில்லும் பைசா பிசகாமல் ஒன்றாக இருந்தன.

கைகழுவும் இடத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். முதலாளி அறையில்தான் இருந்தார். பத்தடி தூரம். நான் போகவில்லை. என் ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டியது. "பார்த்துட்டேன்" என்று நான் சொன்ன சொல்லும் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. பத்தொன்பது ரசீதுகளையும் அந்தந்த பில்லில் வைத்துக் கழித்தேன். அவள் கட்டிய பணம் மட்டும் எந்த பில்லுக்கும் பொருந்தாமல் மிஞ்சியது. அதைப் பலவகை வருமானம் என்று பதிவு போட்டேன். தணிக்கையில் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மாதவரத்தில் ஒரு யார்டிலிருந்து போன் வந்தது. அங்கே அவள் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். முதலாளி என் எதிரிலேயே கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்போதும் நான் பேசவில்லை. அது முதல் தவறைவிடப் பெரிது. முதல் முறை எனக்குத் தெரியாது. இந்த முறை தெரியும்.

முழங்கால் வலி முற்றி வேலையை விட்டேன். ஒரு காலையில் திருவொற்றியூர் மார்க்கெட்டில் எங்கள் யார்டின் பழைய கிரேன் ஆபரேட்டர் என்னைக் கண்டு நின்றார். யார் யார் எங்கே என்று பேச்சு போனது. அவரே அவளைப் பற்றிச் சொன்னார்.

"அந்தக்கா இப்ப காசிமேட்டுல மீன் வெட்டிக்கினு கீது சார். வூட்டுக்காரர் பூட்டாரு. பொண்ணு படிப்பும் பாதில நின்னுபோச்சி. சாகற வரைக்கும் அவரு நம்பலயாம் சார், துட்ட எவனுக்கோ குட்த்துட்டான்னு சொல்லிக்கினே இருந்தாராம்."

அதைக் கேட்ட பிறகு மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். காய்ச்சல் என்று இரண்டு நாள். மழை என்று ஒரு நாள். பிறகு போனேன்.

மார்க்கெட்டில் மீன் வாங்கியவர்கள் கொண்டுவந்து கொடுக்க, வரிசையாக உட்கார்ந்து வெட்டிக் கொடுக்கிறவர்களில் அவளும் இருந்தாள். முன்னால் அருவாமணை, பக்கத்தில் சாம்பல், தண்ணீர் வாளி. என்னை மீன் வெட்ட வந்தவன் என்று நினைத்துக் கை நீட்டினாள். பிறகு அடையாளம் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டாள். நான் நின்றபடியே சொன்னேன். நீ எடுக்கவில்லை, என் ஃபார்முலாவில் தவறு, போன வருடத்து பில்லும் இந்த வருடத்து பில்லும் கலந்துவிட்டன. அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டு எங்களையே பார்த்தாள். ஒரு கிலோ சங்கரா முடிந்தது. பையில் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்கி மடியில் வைத்த பிறகுதான் பேசினாள்.

"எப்ப தெரிஞ்சிது உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இப்போதுதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "அந்த மார்ச்லயே" என்றேன்.

அவள் உதடு அசைந்தது. மாதங்களை எண்ணுகிறாள் என்று புரிந்தது.

"அப்ப அவரு உயிரோடதான் இருந்தாரு" என்றாள். "ஒரு வார்த்த வந்து சொல்லிருந்தீங்கன்னா போதும் சார். துட்டுகூட வேணாம்."

அவள் அடுத்த மீனை எடுத்தாள். "அந்தக் கடுதாசி எங்க கீது?"

முதலாளியிடம் என்றேன். அது வேண்டும் என்றாள். செயின் அடகில் மூழ்கிவிட்டது என்றாள். பணத்தோடு வட்டியும் வேண்டும், அடகுக்காரனுக்கு மாதம் எவ்வளவு கட்டினேன் என்று சீட்டு வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வாருங்கள் என்றாள். மகள் வீட்டில் இருக்கும் நாளைச் சொன்னாள். "அவளாண்டயும் சொல்லணும் நீங்க. எங்கிட்ட சொல்லி இன்னா? எனக்குத்தான் தெரியுமே."

முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பில் காப்பியைப் பார்க்காமல் பார்த்தேன் என்றது உட்பட. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலமாரியைத் திறந்து கோப்பைப் புரட்டினார். அவள் முகம் அவருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. "எந்தப் பொண்ணு சார், இப்ப கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு முன்னாடி இருந்தாங்களே, அவங்களா?" என்றார். கடிதத்தை எடுத்து நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க. பணம் மட்டும் கேக்காதீங்க சார், அந்த வருஷ புக் க்ளோஸ் ஆயிடுச்சு" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடமாக நான் பயந்த சம்பவம் ஐந்து நிமிடத்தில், ஒரு டீயோடு முடிந்தது.

என் வைப்புத்தொகை ஒன்றை முடித்தேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். நவம்பர் பட்டியலையும் பார்ட்டி காலத்தை விரித்து, பாக்கிப் பட்டியலில் இருந்த பெயரையும் எதிரே சேர்த்துத் திரும்ப அச்செடுத்தேன். இந்த முறை இரண்டு பக்கம் வந்தது.

மூன்றாவது மாடி. கைப்பிடிச் சுவர் உடைந்த படிகள். ஒரே அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல். சுவரில் மாதா படத்துக்குக் கீழே அவள் கணவரின் படம் இருந்தது. மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். கல்லூரிக்குப் பாக்கி கட்டாததால் சான்றிதழ்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. எனக்கு நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.

அவள் பணத்தை எண்ணினாள். அடகுச் சீட்டைப் பார்த்து வட்டியையும் எண்ணினாள். நான் கொண்டுபோனதில் இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. திருப்பிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். பழைய கடிதத்தை மடித்து அடுப்புப் பக்கம் வைத்தாள்.

மகள் என் கையெழுத்திட்ட தாளைப் படித்தாள். பிறகு அச்செடுத்த இரண்டு பக்கங்களையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். நான் ஃபார்முலாவை விளக்கத் தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினாள். கடையில் தினமும் போடுவதுதான் என்றாள். ரசீதில் இருந்த பெயர் மேல் விரலை வைத்தாள். எதிரே பாக்கிப் பட்டியலில் இருந்த பெயர் மேல் இன்னொரு விரலை வைத்தாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. ஐந்தாவது வரியில் நிறுத்தினாள்.

"இந்தப் பேர் காலம் அன்னிக்கும் இருந்துதா சார்?"

"இருந்தது."

"எங்கம்மா எதிர்க்க வெச்ச பேப்பர்ல?"

"அதுல இல்ல. மறைச்சிருந்தேன்."

"ஏன்?"

வேறு காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அவள் மேல் ஒரு பகை, பணத்தாசை, யாரோ சொன்னது, ஏதாவது.

"ஒரே பக்கத்துல பிரிண்ட் வரணும்னு" என்றேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். வீட்டில் எனக்குக் கேட்காதபடி ஏதாவது பேச இடமில்லை. "பேப்பர் ஒண்ணுல அடங்கலன்னு பேர மறைச்சிட்டாராம்மா" என்றாள்.

அவள் அம்மா அந்த இரண்டு தாள்களையும் குனிந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. கவுண்டரில் சில்லறை கேட்பது போலவே சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லிருந்தா இன்னொரு பேப்பர் நான் வாங்கிக்கினு வந்திருப்பேனே சார்."

மகள் எழுந்து வாசல்புறம் போய்விட்டாள். நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவள் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. இரண்டு தாள்களையும் எடுத்து, நான் கையெழுத்திட்டதையும் சேர்த்து, கணவர் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் செருகினாள். சட்டம் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. அப்படியே விட்டாள்.